இயந்திரம் தந்த வரைவை என்ன செய்வது? வன்னியிலிருந்து எழுதுபவர்களுக்கு மூன்று வழிகள்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருந்துகொண்டு எழுத்து வேலை செய்து உழைக்கிற இளம் ஆட்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். கோயில் மலருக்குக் கட்டுரை, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கான பயணக் குறிப்பு, தொண்டு நிறுவனங்களுக்குப் பயனாளிகளின் கதை, திட்ட அறிக்கை என்று வேலை வருகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முதல் வரைவை ஒரு ஏஐ செயலிதான் எழுதித் தருகிறது. அது சரியா பிழையா என்று வாதாட நான் வரவில்லை. வரைவு கைக்கு வந்த பிறகு அதை என்ன செய்வது என்பதே எனக்கு முக்கியம். இளம் எழுத்தாளர்களின் வேலைகளைத் திருத்திக் கொடுக்கிறவன் என்ற முறையில், எல்லா வேலைக்கும் ஒரே வழியைப் பிடிப்பதால் வரும் சேதத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வழிகள் மூன்று. வரைவை வைத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்துவது முதலாவது. வரைவில் உள்ள கூற்றுகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் சரிபார்த்து, வரைவை மூடிவைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது இரண்டாவது. முதலில் நாமே எழுதிவிட்டு, கடைசியில் இயந்திரத்திடம் துப்புரவு வேலையை மட்டும் கொடுப்பது மூன்றாவது. மூன்றையும் பொதுவாக ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. ஆகவே ஒரு பந்தியை எடுத்துக்கொள்கிறேன்.

வேலை இதுதான் என்று வையுங்கள்: முல்லைத்தீவில் ஒரு நாள் சுற்றிப் பார்க்க வரும் புலம்பெயர் குடும்பத்துக்கு 800 சொற்களில் ஒரு கட்டுரை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதி, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில், கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நினைவுக்கல், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில், நந்திக்கடல். இயந்திரம் தரக்கூடிய பந்தி இப்படி இருக்கும்:

"வன்னியின் கடைசி மன்னனான பண்டாரவன்னியன், 1803ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி கற்சிலைமடுவில் கேப்டன் வான் டிரிபெர்க் தலைமையிலான ஆங்கிலேயப் படையுடன் தீரத்துடன் போரிட்டு வீரமரணம் அடைந்தார். அவர் வீழ்ந்த இடத்தில் அமைந்துள்ள நினைவுக்கல் இன்றும் கம்பீரமாக நிற்பது மட்டுமல்லாமல், ஆண்டுதோறும் அந்த நாளில் மக்கள் அங்கு கூடி அஞ்சலி செலுத்துவதும் குறிப்பிடத்தக்கது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழையில் சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிவதால், இக்காலம் சுற்றுலாவுக்கு மிகவும் ஏற்றது."

வரிவரியாகத் திருத்தினால்

நம்முடைய ஆட்கள் இந்தப் பந்தியில் முதலில் கை வைப்பது எங்கே என்று எனக்குத் தெரியும். அக்டோபர் ஒக்டோபராகும், தேதி திகதியாகும், கேப்டன் கப்டனாவார், ஏரி குளமாகும். இந்த நான்கையும் மாற்றியதும் பந்தி நம் ஊர்ப் பந்தி போலத் தெரியும். ஆபத்தும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. சொல் நம்முடையதாக மாறியவுடன் செய்தியும் சரியாகிவிட்டது என்று கண் நம்பிவிடுகிறது. தட்டச்சுப் பிழையும் சொற்குற்றமும் நிறைந்த வரைவு என்றால் வாசிப்பவர் விழிப்போடு இருப்பார். இயந்திரத்தின் வரைவோ வழுக்கிக்கொண்டு போகும். நின்று யோசிக்க அது இடமே தராது.

இப்போது உண்மையைப் பாருங்கள். திகதி சரி. இடம் சரி. வொன் டிறிபேர்க் என்ற பெயரும் சரி. பிழை இருப்பது வினைச்சொல்லில். கற்சிலைமடுக் கல்லில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்த வாசகத்தின் பொருள், "இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803" என்பதுதான். தோற்கடித்தார் என்று இருக்கிறதே தவிர, கொன்றார் என்று இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர் உயிரோடிருந்து, சில ஆண்டுகள் கழித்தே இறந்தார் என்று சொல்லும் விவரிப்புகள் உண்டு. ஒரு வீரன், ஒரு போர், ஒரு நினைவுக்கல் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அங்கே மரணமும் நடந்திருக்கும் என்பது இணையத்தில் கிடக்கும் ஆயிரம் வீரர் கதைகளின் வார்ப்பு. இயந்திரம் அந்த வார்ப்பில் நம்முடைய ஆளை ஊற்றிவிட்டது.

இதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: எண்ணையும் பெயரையும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், மூட்டுகளைப் பாருங்கள். இயந்திர வரைவில் பெயரும் ஆண்டும் சரியாக இருந்து, அவற்றை இணைக்கும் இடம் பிழைத்திருப்பது மிகச் சாதாரணம். யார் யாருக்கு என்ன செய்தார் என்ற வினை ஒரு மூட்டு. "ஆதலால்", "இதனால்" என்ற காரணம் இன்னொன்று. "இன்றும்", "ஆண்டுதோறும்" என்ற காலச்சொல் மற்றொன்று. மேலே உள்ள பந்தியில் இந்த மூன்றும் பிழைத்திருக்கின்றன. வரிவரியாகத் திருத்துகிறவர் பெயரிலும் எண்ணிலும் கண் வைப்பதால், மூட்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்.

தனித்தன்மையிலும் இந்த வழி தோற்கிறது. ஒவ்வொரு சொல்லையும் மாற்றினாலும் பந்தியின் எலும்பு இயந்திரத்தினுடையதாகவே இருக்கும்: முதலில் வீரம், பிறகு நினைவுச்சின்னம், பிறகு மக்கள் அஞ்சலி, கடைசியில் பயண ஆலோசனை. அதே செயலியிடம் அதே கேள்வியைக் கேட்கிற இன்னொருவருக்கும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான் கிடைக்கும். உங்கள் கட்டுரையையும் அவருடைய கட்டுரையையும் ஒரே பத்திரிகை ஆசிரியர் பார்த்தால், சொற்கள் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்துவிடுவார். சொல்லை மாற்றி எழுதித் தப்பலாம் என்ற எண்ணம் களவு பிடிக்கும் மென்பொருளை ஏமாற்றலாம், வாசித்துப் பழகிய மனிதரை ஏமாற்றாது.

அப்படியானால் முதல் வழியே வேண்டாமா என்றால், அதற்கும் இடம் உண்டு. விஷயம் முழுவதும் ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த வேலைக்கு அது போதும். கூட்ட அழைப்பிதழ், நன்றிக் கடிதம், விலைக்கோரல் கடிதம், கடைத் திறப்பு விளம்பரம் போன்றவற்றில் எல்லா விவரமும் உங்கள் தலையில் இருக்கிறது, பிழை இருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். உங்களுக்கே தெரியாத ஒன்றை இயந்திரம் சொல்லும்போதுதான் இந்த வழி கைவிடுகிறது.

பிரித்தெடுத்துப் புதிதாக எழுதினால்

இரண்டாவது வழியில் முதல் வேலை எழுத்து வேலை இல்லை, கணக்கெடுப்பு. ஒரு விரிதாளைத் திறந்து, வரைவில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் ஒரு வரியில் இடுங்கள். பக்கத்து நிரலில் அதற்கு எங்கே சான்று தேடினீர்கள் என்பதையும், அதற்கடுத்த நிரலில் முடிவையும் எழுதுங்கள். மேலே உள்ள மூன்று வாக்கியப் பந்தியைப் பிரித்தால் பதினொரு கூற்றுகள் வருகின்றன. கடைசி மன்னன், திகதி, இடம், எதிரியின் பெயரும் பதவியும், அங்கே இறந்தார், கல் இருப்பது அவர் வீழ்ந்த இடம், கல் இன்றும் நிற்கிறது, அஞ்சலி நடப்பது அந்த நாளில், மழைக்காலம் யூன் முதல் செப்டெம்பர் வரை, அப்போது குளங்கள் நிரம்பும், ஆதலால் அது சுற்றுலாக் காலம். மூன்று வாக்கியத்துக்குள் இத்தனை இருக்கிறது என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வாசிக்கும்போது ஒன்றிரண்டுதான் இருப்பதுபோலத் தோன்றுகிறது.

இனி ஒவ்வொன்றாக. இறந்தார் என்பதும் வீழ்ந்த இடம் என்பதும் கல்லின் வாசகத்தோடு பொருந்தவில்லை, இரண்டையும் வெட்ட வேண்டும். எதிரியின் பதவியைக் கல் கப்டன் என்கிறது, வேறு பக்கங்களில் லெப்டினன்ட் என்றும் காணலாம். "கல்லின் வாசகப்படி கப்டன்" என்று சான்றோடு சேர்த்துச் சொன்னால் பொறுப்பு தெளிவாக இருக்கும். கடைசி மன்னன் என்பது சனங்கள் அவரை அழைக்கும் முறை. அதை அப்படியே, சனங்கள் சொல்வதாக எழுதலாம்.

"இன்றும் கம்பீரமாக நிற்கிறது" என்ற வரிதான் இந்தப் பந்தியிலேயே எனக்கு மிகவும் கவலை தருவது. அந்தப் பழைய கல் 2010இல் உடைக்கப்பட்டது. அது செய்தியாகவும் வந்தது. ஆகவே இப்போது அங்கே என்ன நிற்கிறது, எந்த நிலையில் நிற்கிறது என்பதை எந்தப் பழைய பக்கத்தை வைத்தும் சொல்ல முடியாது. நிகழ்காலத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு கூற்றும் இப்படித்தான்: அது எழுதப்பட்ட அன்றைக்கு உண்மையாக இருந்திருக்கலாம், இன்றைக்கும் உண்மையா என்பது வேறு கேள்வி. வீதி திறந்திருக்கிறதா, கோயில் நடை எத்தனை மணிக்குத் திறக்கும், பேருந்து இன்னும் ஓடுகிறதா, எல்லாம் இந்த வகை. இயந்திரத்துக்கு இதற்குப் பதில் தெரிய வழியில்லை. நமக்கு இருக்கிறது. ஒட்டுசுட்டானில் ஒரு ஆளைத் தெரியாத எழுத்தாளர் வன்னியில் இருக்க மாட்டார். ஒரு தொலைபேசி அழைப்பு, முடிந்தால் ஒரு புதிய படம். வன்னியில் இருந்து எழுதுகிறவரிடம் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இருந்து எழுதுகிறவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். அதை விட்டுவிட்டு வெறும் வரைவை மெருகூட்டி அனுப்புவது நம்முடைய பலத்தை நாமே தூக்கி எறிவது.

அஞ்சலி நாளும் பிழை. பண்டாரவன்னியனை நினைவுகூரும் நிகழ்வுகள் ஓகஸ்ட் 25ஐ ஒட்டியே நடக்கின்றன, முல்லைத்தீவுக் கோட்டையை அவர் தாக்கிக் கைப்பற்றிய நாளை நினைத்து. தோற்ற நாளைச் சனங்கள் கொண்டாடவில்லை, வென்ற நாளைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு திகதியைத் திருத்துவதோடு இது முடியவில்லை. இந்த ஊர் ஒரு மனிதனை எப்படி ஞாபகம் வைக்க முடிவெடுத்தது என்பது அதற்குள் இருக்கிறது. சரிபார்க்கப் போன இடத்தில் கட்டுரைக்கான மையமே கிடைத்துவிட்டது. இயந்திரப் பந்தியில் இது இல்லை, வரிவரியாகத் திருத்தியிருந்தால் கிடைத்தும் இருக்காது.

மழைக்கு வருவோம். யூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அது கேரளத்துக்கும் நம் நாட்டின் தென்மேற்குக்கும் மழை கொடுக்கும். வன்னிக்கு அவை சோளகம் வீசும் வறண்ட மாதங்கள். நமக்குக் குளம் நிரப்புவது ஒக்டோபரில் தொடங்கும் மழையும் அதைத் தொடரும் வடகீழ்ப் பருவமழையும். காலபோகம் அதை நம்பித்தான் விதைக்கப்படுகிறது. ஆகவே "ஆதலால் சுற்றுலாவுக்கு ஏற்றது" என்ற முடிவு, அதைத் தாங்க வேண்டிய காரணம் இல்லாமல் நிற்கிறது. யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் நிரம்பி வழியும் குளம் பார்க்கலாம் என்று நம்பி ஒரு குடும்பம் வந்தால், அவர்கள் காண்பது வற்றிக்கொண்டிருக்கும் நீரும் வெடித்த சேறும்தான். தமிழில் எழுதும் இயந்திர வரைவுகள் அநேகமாகத் தமிழ்நாட்டு எழுத்துகளில் பழகியவை என்பதால் இந்த வகைப் பிழை திரும்பத் திரும்ப வரும். "ஏரி" என்றோ "மாவட்ட ஆட்சியர்" என்றோ "ஊராட்சி" என்றோ ஒரு சொல் கண்ணில் பட்டால், அந்தச் சொல்லை மட்டும் மாற்றாமல் அதைச் சுற்றியுள்ள செய்தி முழுவதையும் சந்தேகியுங்கள். சொல் எங்கிருந்து வந்ததோ செய்தியும் அங்கிருந்தே வந்திருக்கும்.

சான்று தேடுவதில் இரண்டு எச்சரிக்கை. ஒரே வாக்கியம் பத்து இணையப் பக்கங்களில் இருந்தால் அவை பத்துச் சான்றுகள் ஆகா, ஒன்றிலிருந்து மற்றவை பிரதி செய்திருக்கும். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்கள் வேண்டும். வன்னி வரலாற்றுக்கு, ஜே. பி. லூயிஸ் என்ற பிரித்தானிய அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு பழைய மூலங்களில் ஒன்று. அது ஆட்சியாளர் பக்கத்தில் இருந்து எழுதப்பட்டது என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். noolaham.org தளத்தில் பழைய கோயில் மலர்களும் பிரதேச வரலாற்று நூல்களும் பத்திரிகைகளும் வருடப்பட்டுக் கிடக்கின்றன. சனத்தொகை, விளைநிலப் பரப்பு போன்ற எண்களுக்கு மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைநூல்.

மற்றது, இயந்திரத்திடமே சான்று கேட்பது. அது நூற்பெயரும் பக்க எண்ணும் சேர்த்து அழகாகத் தரும், அப்படி ஒரு நூலே இல்லாமலும் இருக்கலாம். 2023 யூன் மாதம் நியூயோர்க்கில் ஒரு நீதிபதி இரண்டு சட்டத்தரணிகளுக்கும் அவர்களின் நிறுவனத்துக்கும் 5,000 டொலர் தண்டம் விதித்தார். அவர்கள் நீதிமன்றத்தில் சமர்ப்பித்த முன்தீர்ப்புகளில் சில, இயந்திரம் இல்லாததை உண்டாக்கித் தந்தவை. மூலத்தைத் திறந்து, அந்த வரியைக் கண்ணால் கண்ட பிறகே விரிதாளில் சரி என்று போடுங்கள்.

கணக்கெடுப்பு முடிந்ததும் வரைவை மூடுங்கள். பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினால் அதன் வாக்கியம் கைக்குள் வந்துவிடும். விரிதாளை மட்டும் பார்த்து எழுதுங்கள். நான் எழுதினால் இந்தப் பந்தி இப்படி வரும்:

"ஒட்டுசுட்டான் தாண்டாமல் கற்சிலைமடுவுக்குத் திரும்பினால், பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் தோற்ற இடம். தோற்ற இடம் என்றுதான் ஆங்கிலேயர் கல் நட்டார்கள். வன்னிச் சனம் நினைவில் வைத்திருப்பது அதற்கு இரண்டு மாதம் முந்திய ஓகஸ்ட் 25ஐ, அவர் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த நாளை. பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்றால் இந்த இரண்டு திகதியையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டுக் காரிலிருந்து இறங்குங்கள். ஓகஸ்டில் வெயில் கடுமையாக இருக்கும், தண்ணீர்ப் போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள்."

இப்படி எழுதும்போதும் ஒரு புதுக் கூற்று உள்ளே நுழைந்துவிட்டது: ஒட்டுசுட்டானைத் தாண்ட வேண்டுமா, தாண்டாமலே திரும்ப வேண்டுமா என்பது நீங்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அது விரிதாளில் இருக்கவில்லை. உங்கள் சொந்த வாக்கியங்களையும் இன்னொருமுறை கணக்கெடுக்க வேண்டும். வழிகாட்டும் வரியை, அந்த வீதியில் தினமும் போகிற ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் அனுப்பக் கூடாது.

இந்த வழிக்கு எவ்வளவு நேரம் போகும் என்று கேட்பீர்கள். வெறுமையாகத் தொடங்கி எழுதுவதைவிடப் பெரிதாகக் குறையாது. வரைவின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. எல்லோரும் என்ன எழுதுவார்கள் என்பதையும், எந்தக் கேள்விகளுக்கு விடை தேட வேண்டும் என்பதையும் அது ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. நேரம் மிச்சமாகும் என்று வாடிக்கையாளருக்கு விலையைக் குறைத்துச் சொல்கிறவர், சரிபார்ப்பைக் கைவிட்டுத்தான் அந்த விலைக்கு வேலை செய்ய முடியும்.

நாமே முதலில் எழுதினால்

மூன்றாவது வழி மனிதர்களைப் பற்றிய எழுத்துக்கு உரியது. தொண்டு நிறுவனத்துக்கான பயனாளி கதையை எடுங்கள். கள அலுவலரின் கொப்பியில் இப்படி ஒரு குறிப்பு என்று வைப்போம்: "கிணறு மாசியில் முடிஞ்சது. அரை ஏக்கர் கச்சான். பம்பிக்குக் கடன் இன்னும் இருக்கு. யானை ரெண்டு தரம் வந்தது. 'யானை வராத கிழமைதான் எங்களுக்கு லாபம்' எண்டு அம்மா சொன்னா." இதை இயந்திரத்திடம் கொடுத்துக் கதை எழுதச் சொன்னால், "கிணறு அவரது வாழ்வாதாரத்தைக் கணிசமாக மேம்படுத்தியுள்ளது, இன்று அவரது பிள்ளைகள் நம்பிக்கையுடன் பாடசாலை செல்கின்றனர்" என்ற வகையில் வரும். குறிப்பில் பிள்ளைகளே இல்லை. கடன் காணாமல் போய்விட்டது. யானை "சவால்களை எதிர்கொண்டபோதும்" என்று ஆகிவிட்டது. கச்சான் நிலக்கடலையாகியிருக்கும்.

இங்கே இரண்டாவது வழி உதவாது, ஏனென்றால் சரிபார்க்க வெளியே நூலும் இல்லை, தளமும் இல்லை. உண்மை முழுவதும் அந்தக் கொப்பியில் இருக்கிறது. ஆகவே கொப்பியிலிருந்து நீங்களே முதலில் எழுதுங்கள், ஒழுங்கில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. பிறகு இயந்திரத்திடம் எழுத்துப்பிழை, நீண்ட வாக்கியம், அல்லது ஆங்கிலத்தில் தர வேண்டுமானால் மொழிபெயர்ப்பு என்று ஒரு குறுகிய வேலையை மட்டும் கேளுங்கள். அந்த அம்மாவின் வாய்ச்சொல்லை அதனிடம் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் "மேற்கோள் 1" என்று அடையாளம் மட்டும் வைத்து, வேலை முடிந்து வந்த பிறகு உங்கள் கையால் மூலச்சொல்லைத் திரும்ப வையுங்கள். இல்லாவிட்டால் மேற்கோள் குறிக்குள் அவர் சொல்லாத வாக்கியம் உட்கார்ந்துவிடும். ஒரு மனிதரின் வாயில் அவர் பேசாததைப் போடுவது சாதாரணப் பிழையல்ல.

திரும்பி வந்த பிரதியைச் சோதிக்க ஒரு எளிய முறை இருக்கிறது. கொப்பியையும் பிரதியையும் அருகருகே வைத்து, பிரதியில் உள்ள ஒவ்வொரு பெயர், எண், விளைவுக்கும் கொப்பியில் கோடு போடுங்கள். கோடு போட முடியாதது எல்லாம் இட்டுக்கட்டியது, வெட்டுங்கள். பிறகு மறுபக்கமாகப் பாருங்கள்: கொப்பியில் கோடு விழாமல் மிஞ்சியவை என்ன? கடனும் யானையும் மிஞ்சியிருந்தால், கதையை அழகாக்குவதற்காக உண்மை கழிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வருடத் திட்டத்துக்கு யானைவேலி வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சொல்லப்போகிற ஒரே வரி அதுவாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வன்னியில் ஒரு குடும்பத்தின் கதை என்றால் அதில் காணாமல் போனவர், காயப்பட்டவர், காணிப் பிரச்சினை எல்லாம் வரும். பெயர், அடையாள அட்டை எண், கிராம அலுவலர் பிரிவு ஆகியவற்றோடு அதை ஒரு வெளிநாட்டுச் சேவைக்குள் ஒட்டுவதற்கு அந்தக் குடும்பம் சம்மதம் தரவில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது. பெயரையும் இடத்தையும் நீக்கிவிட்டு, மொழி வேலைக்கு வேண்டிய வாக்கியங்களை மட்டும் கொடுங்கள்.

குரலைப் பற்றி

மூன்று வழிகளிலும் குரல் ஒரே அளவில் தப்புவதில்லை. முதலாவதில் பெரும்பாலும் போய்விடும், மூன்றாவதில் பெரும்பாலும் இருக்கும். எதைப் பாதுகாக்கிறோம் என்று தெரியாமல் பாதுகாக்க முடியாது. ஆகவே இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் நீங்கள் எழுதிய இரண்டு மூன்று பழைய கட்டுரைகளை எடுத்து, நீங்கள் எப்படித் தொடங்குகிறீர்கள், வாக்கியத்தை எங்கே முடிக்கிறீர்கள், எந்தச் சொற்களை ஒருநாளும் எழுதுவதில்லை என்று குறித்து வையுங்கள். பிறகு புதிய பிரதியைச் சத்தமாக வாசியுங்கள். "குறிப்பிடத்தக்கது", "முக்கிய பங்கு வகிக்கிறது", "மட்டுமல்லாமல்" என்று வரும் இடங்களில் நாக்கு தடக்கும். இவற்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதில் பயனில்லை. இப்படிப்பட்ட வாக்கியத்துக்குள் பெரும்பாலும் செய்தியே இருக்காது, முழுவதும் எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை வைத்துத் தன் எழுத்தைச் சோதிப்பவர்களும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் வெளியிட்ட அப்படி ஒரு கருவியை, துல்லியம் போதாது என்று அதே ஆண்டு யூலையில் நிறுத்தியது. அந்த ஆண்டு ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியவை என்று சொன்னன. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் நம் பிள்ளைகள் அந்த மாணவர்களின் நிலையில்தான் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் அப்படி ஒரு கருவியைக் காட்டிக் குற்றம் சொன்னால், காட்டுவதற்கு உங்களிடம் கொப்பிக் குறிப்பும் விரிதாளும் பழைய பிரதிகளும் இருக்க வேண்டும். கருவியின் மதிப்பெண்ணைக் குறைப்பதற்காக நல்ல வாக்கியத்தைக் கெடுத்து எழுதாதீர்கள்.

எதைத் தேர்வது

என் முடிவைச் சொல்கிறேன். ஊர், வரலாறு, கோயில், விவசாயம் என்று வெளியே சரிபார்க்க வேண்டிய செய்தி உள்ள எழுத்துக்கு இரண்டாவது வழி. மனிதரைச் சந்தித்து வந்த எழுத்துக்கு மூன்றாவது. எல்லாம் உங்களுக்கே தெரிந்த சிறு எழுத்துக்கு மட்டும் முதலாவது. ஒரே கட்டுரையில் இரண்டு வகையும் கலந்து வந்தால் பந்திக்குப் பந்தி வழியை மாற்றுங்கள்: கற்சிலைமடுப் பந்திக்கு விரிதாள், வற்றாப்பளையில் பொங்கலுக்கு வந்த ஆச்சியோடு பேசிய பந்திக்குக் கொப்பி.

நாளை காலை கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் சரிபார்க்க நேரமில்லை என்ற நிலை வரும். அப்போது பலர் "என்று கூறப்படுகிறது" என்று சேர்த்துவிட்டு அனுப்புகிறார்கள். யார் கூறினார்கள் என்று தெரியாதபோது அந்தச் சொல் பிழையை மறைக்கும், திருத்தாது. சரிபார்க்க முடியாத கூற்றை வெட்டுங்கள். 800 சொல் கேட்டவருக்கு 650 சொல் போகும் என்றால், அதை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிக் கேளுங்கள். காரணத்தோடு சொன்னால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள்.

ஒப்படைக்கும்போது கட்டுரையோடு விரிதாளையும் அனுப்பலாம். இயந்திரத்தை எந்த அளவுக்குப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் அதே மின்னஞ்சலில் ஒரு வரியில் எழுதுங்கள். சில நிறுவனங்களுக்கு இதில் விதி இருக்கும், அதை வேலை தொடங்குமுன்பே கேட்டுவைப்பது நல்லது. விலைப்பட்டியலில் எழுதுவதற்கு ஒரு தொகையும் சரிபார்ப்புக்கு இன்னொரு தொகையும் தனித்தனியாகப் போடுங்கள். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு, பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் இறந்ததாக வரைவு சொன்ன அந்த வரியையும் கல்லின் வாசகத்தையும் அருகருகே காட்டலாம்.